எட்டுப் பொருள்கள், ஓர் எண்: கூடையிலிருந்து விலைக் குறியீட்டெண் வரை

ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்வு அறிவிக்கப்படும்போது ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி "எத்தனை விழுக்காடு?" என்பதுதான். அந்த விழுக்காடு எப்படி வந்தது என்ற கேள்வி அதிகம் எழுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடத்தில் குறியீட்டெண்கள் வருகின்றன. லாஸ்பியர், பாசி, ஃபிஷர் என்று சூத்திரங்களை மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆனால் "பணவீக்கம் குறைந்தது" என்று செய்தித்தாளில் வந்தால், "அப்படியென்றால் விலை குறைந்துவிட்டதா?" என்று அதே மாணவர்கள் கேட்கிறார்கள். சூத்திரம் தெரிந்தும் எண்ணின் பொருள் பிடிபடவில்லை என்பதற்கு இது ஓர் அடையாளம்.

ஜோலார்பேட்டை போன்ற ஊரில் இந்தப் பாடத்துக்கு வேண்டிய எல்லாமே வகுப்பறையில் இருக்கின்றன. ஒரு மாணவரின் தந்தை ரயில்வே ஊழியர். அடுத்த இருக்கையில் இருப்பவரின் தாய் ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலைக்குப் போய்வருபவர். இரு வீட்டாரும் தக்காளி வாங்குவது ஒரே சந்தையில். ஆனால் விலை ஏறும்போது அவர்கள் சம்பளத்தில் சேரும் படி இரண்டு வெவ்வேறு குறியீட்டெண்களிலிருந்து வருகிறது. இந்தக் கட்டுரையில் முதலில் ஒரு சிறு கூடையை வைத்துக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுவோம். பிறகு அதே வழியில் நம் அகவிலைப்படியின் உண்மைக் கணக்குக்குச் செல்வோம். எட்டாம் வகுப்பில் விழுக்காடு படித்த மாணவருக்கே முதல் பகுதி போதுமானது.

கூடையில் எதை வைப்பது?

நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்பது ஒரே கூடைப் பொருள்களை வாங்க அன்று எவ்வளவு ஆனது, இன்று எவ்வளவு ஆகிறது என்ற ஒப்பீடு. ஒப்பிடத் தொடங்கும் காலத்தை அடிப்படைக் காலம் என்கிறோம். அன்றைய செலவை 100 என்று வைத்துக்கொள்கிறோம்.

மாணவர்களை வீட்டில் கேட்டு மாதச் செலவுப் பட்டியல் எழுதிவரச் சொன்னால், அதில் சீட்டுப் பணமும் கடன் தவணையும் கட்டாயம் இருக்கும். இவற்றை நீக்க வேண்டும். சீட்டு சேமிப்பு, தவணை பழைய கடனைத் திருப்பித் தருவது. இரண்டுக்கும் "ஒரு கிலோ என்ன விலை?" என்று கேட்க முடியாது. கூடையில் இருக்க வேண்டியவை நுகர்வதற்காக விலை கொடுத்து வாங்கும் பொருள்களும் சேவைகளும் மட்டுமே. வீட்டு வாடகையும் பயணக் கட்டணமும் சேவைகள். எனவே அவை கூடைக்குள் வரும்.

நியாயவிலைக் கடை அரிசியும் ஒரு கேள்வியை எழுப்பும். அது விலையில்லா அரிசி. அன்றும் இன்றும் விலை சுழியம் என்றால் மொத்தச் செலவில் அது எதையும் சேர்ப்பதில்லை. விலை விகிதம் காண முயன்றால் சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க வேண்டிவரும். எனவே வெளிக்கடையில் வாங்கும் அரிசியை மட்டும் கூடையில் வைக்கிறோம். அரசின் பெரிய கணக்கெடுப்புகளிலும் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று கேட்டறிந்துதான் கூடை உருவாகிறது.

விலையை எப்படிக் குறிப்பது?

கணக்கில் பிழை நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் மாதம் பொன்னி அரிசியின் விலையையும் அடுத்த முறை இட்லி அரிசியின் விலையையும் குறித்தால், கிடைக்கும் வேறுபாடு விலை ஏற்றமாகாது. அது பொருள் மாற்றம். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் வகை, தரம், அளவு, கடை ஆகிய நான்கையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறையும் அதே கடை, அதே வகை.

பொட்டலத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்ப் பொட்டலம் ரூ.120. அடுத்த முறை கடையில் இருப்பது ரூ.117. மூன்று ரூபாய் குறைந்துவிட்டதாக மாணவர் எழுதுவார். பொட்டலத்தில் 900 மில்லி என்று அச்சிட்டிருந்தால், லிட்டருக்கு 117 ÷ 0.9 = ரூ.130. விலை குறையவில்லை, பத்து ரூபாய் கூடியிருக்கிறது. எனவே எல்லா விலையையும் கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு மாற்றிய பிறகே அட்டவணையில் ஏற்ற வேண்டும்.

ஒரு வீட்டின் கணக்கு

காலணித் தொழிற்சாலைக்குப் போய்வரும் ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை வகுப்பறைக் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் மாணவர்கள் சேகரிக்கும் விலைகளை இவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

| பொருள் | மாத அளவு | முதல் ஆண்டு விலை (ரூ.) | இரண்டாம் ஆண்டு விலை (ரூ.) | முதல் ஆண்டுச் செலவு (ரூ.) | இரண்டாம் ஆண்டுச் செலவு (ரூ.) |
|---|---|---|---|---|---|
| அரிசி | 15 கிலோ | 50 | 54 | 750 | 810 |
| துவரம் பருப்பு | 2 கிலோ | 120 | 150 | 240 | 300 |
| தக்காளி | 8 கிலோ | 25 | 75 | 200 | 600 |
| சமையல் எண்ணெய் | 3 லிட்டர் | 150 | 120 | 450 | 360 |
| பால் | 30 லிட்டர் | 44 | 46 | 1,320 | 1,380 |
| வீட்டு வாடகை | 1 மாதம் | 3,000 | 3,200 | 3,000 | 3,200 |
| எரிவாயு உருளை | 1 | 1,000 | 1,100 | 1,000 | 1,100 |
| வேலைக்குப் பயணம் | 26 நாள் | 40 | 40 | 1,040 | 1,040 |
| மொத்தம் | | | | 8,000 | 8,790 |

இரண்டு செலவுப் பத்திகளிலும் அளவு ஒன்றே என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாறியது விலை மட்டும்.

குறியீட்டெண் = (இரண்டாம் ஆண்டுச் செலவு ÷ முதல் ஆண்டுச் செலவு) × 100
= (8,790 ÷ 8,000) × 100 = 109.9

முதல் ஆண்டில் 100 ரூபாய்க்கு வாங்கியதை இப்போது வாங்க 109 ரூபாய் 90 காசு வேண்டும். ஓராண்டுப் பணவீக்கம் 9.9 விழுக்காடு. பாடநூலில் மொத்தச் செலவு முறை என்று வருவது இதுதான். அடிப்படைக் காலத்து அளவுகளை மாற்றாமல் வைத்துக்கொள்வதால் இது லாஸ்பியர் முறையும் ஆகும். பெயரைக் கணக்கு முடிந்த பிறகு சொன்னால் மாணவர் மனத்தில் நிற்கும்.

நேரடிச் சராசரி ஏன் தவறு?

சில மாணவர்கள் குறுக்கு வழியில் செல்வார்கள். அரிசி 8 விழுக்காடு, பருப்பு 25, தக்காளி 200, எண்ணெய் 20 விழுக்காடு குறைவு என்று ஒவ்வொன்றின் மாற்றத்தையும் கண்டுபிடித்து, கூட்டி, எட்டால் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் 29.3 விழுக்காடு வருகிறது. சரியான விடை 9.9. ஒரே வீடு, ஒரே விலைகள்; ஆனால் விடை மூன்று மடங்கு.

இந்த இடத்தில் விளக்கத்தை அவசரப்பட்டுச் சொல்லாமல், "இரண்டில் எது வீட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது?" என்று கேட்கலாம். உண்மையில் கூடுதலாகச் செலவானது 790 ரூபாய். 8,000 ரூபாயில் 29.3 விழுக்காடு என்றால் 2,344 ரூபாய் கூடியிருக்க வேண்டும். அப்படிக் கூடவில்லை என்பது அட்டவணையிலேயே தெரிகிறது. நேரடிச் சராசரி தக்காளியையும் வாடகையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. இந்த வீட்டில் தக்காளிக்கு ஆகும் செலவு மொத்தத்தில் 2.5 விழுக்காடு. வாடகைக்கு ஆவது 37.5 விழுக்காடு. இந்தப் பங்குகளைத்தான் எடை என்கிறோம்.

எடையைக் கொண்டும் இதே விடையைப் பெறலாம். ஒவ்வொரு பொருளின் பங்கையும் அதன் விலை மாற்றத்தையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். தக்காளிக்கு 2.5 × 200 விழுக்காடு = 5 புள்ளி. வாடகை 3,000-இலிருந்து 3,200 ஆனதால் 2.5 புள்ளி. எரிவாயுவால் 1.25. அரிசி, பருப்பு, பால் மூன்றும் தலா 0.75. எண்ணெய் விலை இறங்கியதால் 1.125 புள்ளி கழிகிறது. பயணத்தால் மாற்றமில்லை. கூட்டினால் 9.875, அதாவது அதே 9.9. பாடநூலின் குடும்ப வரவு செலவுத் திட்ட முறை இது. இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தரும் என்பதை மாணவர்கள் தாமே போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது முறையில் ஒரு கூடுதல் பயன் உண்டு. ஏற்றத்துக்கு எந்தப் பொருள் காரணம் என்பது தெரிந்துவிடுகிறது. செலவில் நாற்பதில் ஒரு பங்கே உள்ள தக்காளி, மொத்த ஏற்றத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணமாகியிருக்கிறது. 2023 ஜூலையில் நாடு முழுவதும் தக்காளி விலை தாறுமாறாக ஏறியபோது நடந்ததும் இதே வகைதான். தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அந்த ஆண்டு ஜூனில் 136.4 ஆக இருந்து, ஒரே மாதத்தில் 139.7-க்குத் தாவியது.

அடுத்த வீட்டின் கணக்கு

இப்போது ரயில்வே குடியிருப்பில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகையைக் கையிலிருந்து கொடுப்பதில்லை. வேலைக்கு நடந்தே போகிறார். மற்ற ஆறு பொருள்களும் அதே அளவு, அதே விலை. கடைசி இரண்டு பத்திகளிலிருந்து வாடகையையும் பயணத்தையும் கழித்தால் முதல் ஆண்டுச் செலவு ரூ.3,960, இரண்டாம் ஆண்டுச் செலவு ரூ.4,550. குறியீட்டெண் 114.9.

ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே தக்காளி. ஒரு வீட்டுக்குப் பணவீக்கம் 9.9, மற்றொரு வீட்டுக்கு 14.9. உணவின் பங்கு அதிகமாக உள்ள கூடையில் உணவு விலையேற்றம் அதிகமாகத் தெரிகிறது. ஆனால் "யாருக்குச் சுமை அதிகம்?" என்று கேட்டால் மாணவர்கள் நிதானித்துப் பதில் சொல்ல வேண்டும். முதல் வீட்டுக்குக் கூடிய செலவு 790 ரூபாய்; இரண்டாவது வீட்டுக்கு 590 ரூபாய்தான். விழுக்காடு ஒவ்வொரு வீட்டின் சொந்த அடிப்படையிலிருந்து அளக்கப்படுகிறது. அதை வைத்து ஒரு வீட்டின் கஷ்டத்தை மற்றொரு வீட்டோடு ஒப்பிட முடியாது.

அப்படியானால் நாட்டுக்கு ஒரே எண் எப்படி வருகிறது? பல வீடுகளின் கூடைகளைச் சராசரியாக்கி ஒரு பொதுக் கூடை அமைக்கிறார்கள். தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் குறியீட்டெண்ணில் இப்போதைய அடிப்படை ஆண்டு 2016. நாடெங்கும் 88 மையங்களில் விலை சேகரிக்கப்படுகிறது. அதன் கூடையில் உணவு மற்றும் பானங்களின் எடை 39.17. வீட்டு வசதிக்கு 16.87, உடை மற்றும் காலணிக்கு 6.08, எரிபொருள் மற்றும் விளக்குக்கு 5.50, பாக்கு, புகையிலை, போதைப் பொருள்களுக்கு 2.07. கல்வி, மருத்துவம், போக்குவரத்து முதலியவை அடங்கிய இதர பிரிவுக்கு 30.31. கூட்டினால் 100. நம் முதல் வீட்டில் உணவின் பங்கு 37. தேசியக் கூடைக்கு அருகில் இருக்கிறது. வாடகையின் பங்கோ இரு மடங்குக்கும் மேல். உடையும் மருத்துவமும் பள்ளிச் செலவும் இல்லாத எட்டே பொருள் கூடை என்பதால் இப்படி ஆனது. அந்தப் பொருள்களையும் சேர்த்தால் வாடகையின் பங்கு எவ்வளவு இறங்குகிறது என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்லலாம்.

குறியீட்டெண் ஒன்று, பணவீக்கம் வேறு

முதல் வீட்டுக்கே திரும்புவோம். மூன்றாம் ஆண்டு விலைகள் இப்படி: அரிசி 56, பருப்பு 160, எண்ணெய் 125, பால் 48, வாடகை 3,300. எரிவாயுவும் பயணமும் அப்படியே இருக்கின்றன. தக்காளி மட்டும் 75-இலிருந்து 30-க்கு இறங்கிவிட்டது. மொத்தச் செலவு ரூ.8,655. முதல் ஆண்டை 100 என்று கொண்டால் குறியீட்டெண் 108.2.

பணவீக்கம் காண, சென்ற ஆண்டுக் குறியீட்டெண்ணோடு ஒப்பிட வேண்டும்.

பணவீக்க விகிதம் = ((108.2 − 109.9) ÷ 109.9) × 100 = −1.5 விழுக்காடு

பணவீக்கம் சுழியத்துக்கும் கீழே போய்விட்டது. செய்தியாக எழுதினால் "விலைவாசி குறைந்தது" என்று வரும். ஆனால் எட்டுப் பொருள்களில் ஐந்தின் விலை ஏறியிருக்கிறது, இரண்டு மாறவில்லை, இறங்கியது தக்காளி ஒன்றுதான். வீட்டிலிருப்பவர், "எல்லாம் ஏறித்தானே இருக்கிறது?" என்று சொன்னால் அவர் சொல்வதும் சரி, எண்ணும் சரி. சென்ற ஆண்டு தக்காளி இயல்புக்கு மீறி ஏறியிருந்தது. அந்த உயர்ந்த எண்ணோடு ஒப்பிடுவதால் இந்த ஆண்டின் ஏற்றம் மறைந்துபோகிறது. முதல் ஆண்டோடு ஒப்பிட்டால் செலவு இன்னும் 8.2 விழுக்காடு மேலேதான் இருக்கிறது.

மாணவர்கள் இங்கே செய்யும் மற்றொரு பிழை 109.9-இலிருந்து 108.2-ஐக் கழித்து "1.7 விழுக்காடு குறைந்தது" என்று எழுதுவது. அது 1.7 புள்ளி. அடிப்படை ஆண்டு எண்ணான 100-இலிருந்து கணக்கிடும்போது மட்டுமே புள்ளியும் விழுக்காடும் ஒன்றாக இருக்கும். அதன்பிறகு வகுத்துத்தான் ஆக வேண்டும்.

உண்மை எண்களிலும் இதைக் காட்டலாம். தொழில்துறைத் தொழிலாளர் குறியீட்டெண் 2022 ஜூலையில் 129.9, 2023 ஜூலையில் 139.7, 2024 ஜூலையில் 142.7. முதல் இடைவெளியில் பணவீக்கம் 7.5 விழுக்காடு. இரண்டாவது இடைவெளியில் 2.1 விழுக்காடு. பணவீக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் குறியீட்டெண் இறங்கவில்லை. மூன்று புள்ளி ஏறியிருக்கிறது. மலை ஏறுபவரின் வேகம் குறைந்தது, ஏறுவது நிற்கவில்லை. வகுப்பில் கேட்கப்படும் "பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்ததா?" என்ற கேள்விக்கு இந்த மூன்று எண்களே போதிய விடை.

நம் அகவிலைப்படி வரும் வழி

மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி இந்தத் தொழில்துறைத் தொழிலாளர் குறியீட்டெண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது. ரயில்வே ஊழியருக்கும் அதுவே. அதே விழுக்காட்டைப் பின்பற்றித் தமிழ்நாடு அரசும் தன் ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அறிவித்துவருகிறது. 2023 ஜூலை முதல் 46 விழுக்காடு என்ற உயர்வைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மாத எண்ணை எடுத்தால் தக்காளி போன்ற ஒரு பொருளின் தாவல் சம்பளத்தை ஆட்டிவிடும். அதனால் பன்னிரண்டு மாதச் சராசரியை எடுக்கிறார்கள். 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை எண்கள் வரிசையாக: 129.9, 130.2, 131.3, 132.5, 132.5, 132.3, 132.8, 132.7, 133.3, 134.2, 134.7, 136.4. கூட்டுத்தொகை 1,592.8. பன்னிரண்டால் வகுத்தால் 132.73.

ஊதியம் 2016 ஜனவரி முதல் மாற்றியமைக்கப்பட்டது. அப்போது எடுத்துக்கொள்ளப்பட்ட சராசரி 261.42. அது 2001-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட பழைய வரிசையின் எண். நம்மிடம் உள்ள 132.73, 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசையின் எண். நேரே கழித்தால் அகவிலைப்படி எதிர்மறையாக வரும். அப்படி ஓர் அபத்தமான விடை வந்தாலே, இரு அடிப்படை ஆண்டுகள் கலந்துவிட்டன என்று புரிந்துகொள்ளலாம். புதிய எண்ணைப் பழைய அளவுக்கு மாற்ற 2.88 என்ற இணைப்புக் காரணி தரப்பட்டிருக்கிறது. சென்டிமீட்டரை அங்குலத்தோடு ஒப்பிடும் முன் அலகை மாற்றுவதைப் போன்றது இது.

132.73 × 2.88 = 382.27 (சராசரியின் முழுத் தசமங்களுடன்)
382.27 − 261.42 = 120.85
(120.85 ÷ 261.42) × 100 = 46.23

பின்னத்தை விட்டுவிட்டால் 46 விழுக்காடு. அரசாணையில் வந்த எண் இதுவே. நம் சிறு கூடையில் செய்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இன்றைய எண்ணிலிருந்து அன்றைய எண்ணைக் கழித்து, அன்றைய எண்ணால் வகுக்கிறோம்.

தொழிற்சாலைத் தொழிலாளரின் படி

தோல் பதனிடும் தொழிலும் தோல் பொருள் உற்பத்தியும் தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட தொழில்களில் அடங்கும. இந்த ஊதிய அறிவிக்கைகளில் அடிப்படை ஊதியத்தோடு ஓர் அகவிலைப்படியும் சேர்ந்திருக்கும். அது சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு இணைக்கப்பட்டது. குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் என்று அறிவிக்கையில் இருக்கும். சென்ற ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியைக் கொண்டு ஏப்ரல் முதல் தேதியில் படி மாறும்.

ஆசிரியரின் படிக்கும் இதற்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. முதலாவது, இங்கே கணக்கு விழுக்காட்டில் இல்லை, புள்ளியில் இருக்கிறது. ஒரு புள்ளி என்பது எந்த வரிசையின் புள்ளி என்று பார்ப்பது இதனால் முக்கியமாகிறது. மேலே கண்ட அகில இந்திய இணைப்புப்படி, புதிய வரிசையின் ஒரு புள்ளி பழைய வரிசையின் 2.88 புள்ளிகளுக்குச் சமம். சென்னைக்கு அதற்குரிய தனிக் காரணி உண்டு. அறிவிக்கை எந்த அடிப்படை ஆண்டைச் சொல்கிறதோ, அந்த வரிசைக்கு மாற்றிய பிறகே புள்ளிகளை எண்ண வேண்டும். மாற்றாமல் எண்ணினால் சேர வேண்டிய படியில் பெரும்பகுதி தொழிலாளருக்குக் கிடைக்காமல் போகும்.

இரண்டாவது, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலை செய்பவரின் படி சென்னைச் சந்தையின் விலைகளைப் பார்த்து நகர்கிறது. ஜோலார்பேட்டையில் வாடகை ஏறி, சென்னையில் ஏறாமல் இருந்தால் அந்த ஏற்றம் படியில் தெரியாது. சென்னையில் ஏறி இங்கே ஏறாவிட்டால் தொழிலாளருக்குச் சற்று ஆதாயம். எந்த ஊரின், யாருடைய கூடை என்ற கேள்வி இவ்வாறு சம்பளச் சீட்டு வரை வந்துவிடுகிறது.

கூடை பழசாகும்போது

அளவை மாற்றாமல் வைப்பதில் ஒரு குறை உண்டு. தக்காளி 75 ரூபாய்க்கு விற்கும்போது எந்த வீட்டிலும் எட்டுக் கிலோ வாங்கமாட்டார்கள். மூன்று கிலோவோடு நிறுத்திக்கொண்டு புளியைக் கூடுதலாகக் கரைப்பார்கள். ஆனால் நம் கணக்கு எட்டுக் கிலோவுக்கே 600 ரூபாய் என்று காட்டுகிறது. ஆகவே லாஸ்பியர் எண், வீட்டில் உண்மையில் கூடிய செலவைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும். இன்றைய அளவுகளைக் கொண்டு கணக்கிடும் பாசி முறையில் தக்காளியின் பங்கு குறைந்து, விடையும் பொதுவாகக் குறையும். ஆனால் அதற்கு ஒவ்வொரு மாதமும் எல்லா வீடுகளின் அளவுகளையும் மீண்டும் கேட்டறிய வேண்டும். மாதந்தோறும் வெளியிடும் எண்ணுக்கு அது இயலாது. அதனால் பழைய கூடையை வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கணக்கெடுப்பால் கூடையை மாற்றுகிறார்கள். 2001 வரிசையில் 46.20 ஆக இருந்த உணவின் எடை 2016 வரிசையில் 39.17 ஆனது அப்படித்தான்.

வகுப்பில் மதிப்பிட மூன்று வினாக்கள்

1. முதல் வீட்டில் தக்காளி விலை மாறாமல் 25 ரூபாயாகவே இருந்து, மற்றவை அட்டவணைப்படி மாறியிருந்தால் இரண்டாம் ஆண்டுக் குறியீட்டெண் என்ன? (செலவு ரூ.8,390, குறியீட்டெண் 104.9)

2. ஓர் ஊரின் குறியீட்டெண் 150-இலிருந்து 156 ஆனது. எத்தனை புள்ளி, எத்தனை விழுக்காடு? (6 புள்ளி, 4 விழுக்காடு. இரண்டுக்கும் 6 என்று எழுதுபவருக்குப் புள்ளி, விழுக்காடு வேறுபாட்டை மீண்டும் விளக்க வேண்டும்.)

3. குறியீட்டெண் ஜோலார்பேட்டைக்கு 110, வேறோர் ஊருக்கு 125. அந்த ஊரில் பொருள்கள் விலை அதிகம் என்று சொல்லலாமா? (சொல்ல முடியாது. இரண்டும் தத்தம் அடிப்படை ஆண்டிலிருந்து அளக்கப்பட்டவை. அங்கே விலை வேகமாக ஏறியிருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம்.)

மூன்றாவது வினாவுக்குக் காரணத்தோடு விடை எழுதும் மாணவர் குறியீட்டெண்ணைப் புரிந்துகொண்டவர். அவருக்குப் பிறகு ஃபிஷரின் சூத்திரத்தைச் சொன்னால் போதும். மற்றதை அவரே போட்டுவிடுவார்.